கதவுக்குப் பின்னால் நிற்கும் குழந்தை: ஆட்டுப் புழுக்கை மாதிரி போகும் மலத்தை இளக்குவது எப்படி?

குழந்தை கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. இரண்டு காலையும் குறுக்கே போட்டு, குதிகாலைத் தூக்கி, ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முகம் சிவந்து, கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கிறது. பக்கத்தில் போனால் "போ, போ" என்று கத்துகிறது. இரண்டு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாட ஓடிவிடுகிறது.

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இந்தக் காட்சியைச் சொல்லும் அம்மாக்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "பாவம்ங்க, எவ்வளவு முக்குறான், வரவே மாட்டேங்குது." குழந்தை முக்கவில்லை, அடக்குகிறது. வெளியே தள்ளுகிற குழந்தை முழங்காலை மடக்கிக் குந்தும், முன்னால் குனியும். காலைப் பின்னிக்கொண்டு விறைத்து நிற்பதும், பின்பக்கத்தை இறுக்குவதும் உள்ளே வைத்துக்கொள்வதற்கான வேலை. இந்த ஒன்றைப் பெற்றோர் தலைகீழாகப் புரிந்துகொள்வதால்தான் மற்ற எல்லாமே தப்பாகப் போகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வலி எப்படி வட்டமாகச் சுற்றுகிறது

பெருங்குடலின் முக்கியமான வேலை மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சுவது. மலம் எவ்வளவு நேரம் உள்ளே கிடக்கிறதோ, அவ்வளவு தண்ணீர் போய்விடும். மலம் கடைசிப் பகுதியான மலக்குடலுக்கு வந்ததும் அதன் சுவர் விரிந்து "போகணும்" என்ற உணர்ச்சியைத் தரும். அந்த நேரத்தில் ஆசனவாயையும் புட்டத்தையும் கெட்டியாக இறுக்கிப் பிடித்தால், சில நிமிடத்தில் மலக்குடல் தளர்ந்து இடம் கொடுத்துவிடும், உணர்ச்சியும் அடங்கிவிடும். பெரியவர்கள் பஸ்ஸில் போகும்போது செய்வதும் இதைத்தான்.

குழந்தைக்கு ஒருநாள் ஏதோ காரணத்தால் கெட்டியாகப் போகிறது. ஆசனவாயின் ஓரத்தில் மெல்லிய கீறல் விழுகிறது. மிளகாய் பட்ட மாதிரி எரிகிறது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு இதில் ஒரு கணக்குத்தான் தெரியும்: "ஆய் வந்தால் வலிக்கும்." அடுத்த முறை உணர்ச்சி வந்ததும் அடக்குகிறது, வெற்றியும் பெறுகிறது. ஆனால் உள்ளே கிடப்பது காய்ந்து இன்னும் கெட்டியாகி, மேலிருந்து வருவதும் சேர்ந்து பெரிதாகிறது. நான்காம் நாள் அது வெளியே வரும்போது முன்னைவிட அதிகமாக வலிக்கிறது; ஆறிக்கொண்டிருந்த கீறல் திரும்பவும் பிரிகிறது. குழந்தையின் பயம் சரிதான் என்று உடம்பே சாட்சி சொல்லிவிடுகிறது.

இப்படியே சில வாரம் போனால் மலக்குடல் விரிந்து தொளதொளத்துப் போகும். சாதாரண அளவு மலம் வந்தால் உணர்ச்சியே எழாது. அப்போது குழந்தை வேண்டுமென்று அடக்குகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்குத் தெரிவதே இல்லை. இந்தக் கட்டத்தில் சில குழந்தைகளுக்கு, உள்ளே அடைத்துக் கிடக்கும் கட்டியைச் சுற்றிக்கொண்டு இளகிய மலம் ஜட்டியில் கசியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வயது இரண்டே முக்கால், எடை 12 கிலோ. அம்மா சொன்ன முதல் புகார் மலச்சிக்கலே இல்லை. "அக்கா, ஒரு வாரமா வயித்தால போயிட்டே இருக்குதுங்க. நாளுக்கு ஏழெட்டுத் தடவை ஜட்டி மாத்தறேன்." பாட்டி வயிற்றைக் கட்டுவதற்காக ஏத்தங்காயின், அதாவது நேந்திரங்காயின், பொடியில் கூழ் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்து, எலுமிச்சை அளவில் கெட்டியாக ஒரு உருண்டை. கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அடைத்துக்கிடந்ததை இன்னும் கட்டியாக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னோக்கிக் கேட்டுப் பார்த்தால் கதை இரண்டு மாதம் முன்பு தொடங்கியிருந்தது. உண்மையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்தது. அதற்குக் கொடுத்த ஏத்தங்காய்க் கூழ், நோய் நின்ற பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்தது. அப்புறம் புழுக்கை, ஒருநாள் மலத்தின் மேல் ஒரு கோடு ரத்தம், அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் நிற்பது.

முதலில்: ஒரு வாரம் எழுதிவையுங்கள்

டாக்டரிடம் போகும் முன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கே விஷயம் எழுதினால் போதும். எந்த நாள் போனான். எப்படி இருந்தது (தனித்தனிப் புழுக்கையா, முண்டும் முடிச்சுமாகத் தடித்த கட்டியா, இளகிய நீளமா). வலித்ததா, ரத்தம் இருந்ததா. அடக்கி நின்றது எத்தனை தடவை. "எப்பவாவதுதான் போறான்" என்பதைவிட இந்தத் தாள் நூறு மடங்கு உதவும்.

தினமும் போகிறானே, எப்படி மலச்சிக்கல் என்பார்கள். தினமும் நான்கு புழுக்கை விழுந்து, மீதி உள்ளேயே கிடக்கலாம். மாறாக, இரண்டு நாளுக்கு ஒருமுறை வலியில்லாமல் இளகலாகப் போகும் குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. நாளை எண்ணுவதைவிடக் கெட்டியும் வலியும் அடக்குவதும்தான் முக்கியம். வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கும் குறைவாகவோ போவது, வலித்துப் போவது, அடக்கி வைப்பது, வழக்கத்துக்கு மீறித் தடித்த மலம், உள்ளே பெரிய கட்டி தட்டுப்படுவது: இவற்றில் ஏதாவது இரண்டு ஒரு மாதமாக இருந்தால் டாக்டர்கள் மலச்சிக்கல் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே பிடித்தால் வேலை பாதி.

பெரும்பாலான குழந்தைகளுக்கு உள்ளே வேறு நோய் எதுவும் இருக்காது. இருந்தாலும் சிலவற்றை விட்டுவிடக் கூடாது. பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருப்பு மலம் போகாமல் இருந்ததா என்று கேட்பார்கள். அதற்குக் காரணம், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு முடிச்சுகள் இல்லாமலே பிறக்கும் ஹிர்ஷ்ப்ருங் நோய். பிறந்த முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கியிருந்தாலும், மலம் நாடா மாதிரி ஒல்லியாகவே வந்தாலும், எடை ஏறாமல் நின்றாலும், கால் பலவீனமாகவோ நடை மாறியோ இருந்தாலும், முதுகின் அடியில் முடிக்கொத்தோ ஆழமான குழியோ இருந்தாலும் அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால், அல்லது காய்ச்சலோடு வயிறு கல்லாக இருந்தால், அது கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் விஷயம் இல்லை. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது: சிலவற்றை உடனே நிறுத்துங்கள்

சோப்புத் துண்டு, எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு. எங்கள் பக்கம் இரண்டும் உண்டு. பாட்டிமார்கள் அன்பால்தான் செய்கிறார்கள், பலனும் உடனே தெரிகிறது, அதனால்தான் விடுவதில்லை. ஆனால் சோப்பு உள்சதையை எரிக்கும், காம்பு கீறும். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அந்த இடத்தை யாரோ நாலு பேர் பிடித்து அமுக்கி ஏதோ செய்கிறார்கள் என்ற பயம் சேர்ந்துகொள்கிறது. ஏற்கெனவே பயத்தால் அடக்குகிற குழந்தைக்கு இன்னொரு காரணத்தை நாமே கொடுக்கிறோம். மருந்துக்கடையில் கிடைக்கும் எனிமாவையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும். டாக்டர் சொன்னால் ஒருமுறை, வீட்டு வழக்கமாக வேண்டாம்.

விளக்கெண்ணெய் பேதியும் அப்படித்தான். ஒருநாள் வயிற்றைப் பிசைந்து எல்லாம் போகும், குழந்தை சோர்ந்துவிடும், ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து எண்ணெய் ஊற்றுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலைக் கெடுக்கும். மருந்துக்கடையில் கேட்காமலே நீட்டப்படும் லிக்விட் பாரஃபின் மருந்துகளையும் இந்தக் காரணத்தால்தான் சின்னக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

கழிப்பறைப் பழக்கத்தையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். இதைச் சொன்னால்தான் எனக்கு அதிக எதிர்ப்பு வரும். அங்கன்வாடியில் சேர்க்க வேண்டும், ஜூன் வந்துவிடும் என்பார்கள். ஆனால் வலிக்கும் என்று நம்பும் குழந்தையை அந்தப் பீங்கான் குழிமேல் உட்காரவைத்து "போடா, போடா" என்றால், அது இன்னும் உறுதியாக அடக்கும். டயப்பர் கேட்டால் டயப்பர் போடுங்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு போனாலும் போகட்டும். எங்கே போகிறான் என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. வலிக்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். ஜட்டியில் கசிந்ததற்காகத் திட்டுவதும் அடிப்பதும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அவனுக்குத் தெரிந்து நடப்பது இல்லை அது.

அப்புறம்: உள்ளே கிடப்பதை வெளியேற்றுவது

அடைத்துக் கிடக்கும்போது கீரையும் பப்பாளியும் கொடுத்துப் பயனில்லை. வாய்க்காலில் மரம் விழுந்து கிடக்கும்போது மதகைத் திறந்துவிடுகிற மாதிரி ஆகிவிடும். முதலில் அடைப்பு போக வேண்டும்.

இதற்கு இன்று பெரும்பாலும் எழுதித்தருவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வெள்ளைப் பொடி. சுருக்கமாகப் பெக் என்பார்கள். அது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. தன்னோடு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலம் வரை போகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. குடலைத் தூண்டி முறுக்குவது இல்லை, பழகிப்போய் அது இல்லாமல் போகாது என்ற நிலையும் வருவதில்லை. அடைப்பை எடுக்க, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, 3 முதல் 6 நாள் கொடுப்பது வழக்கமான கணக்கு. இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வேறு நோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வேறு மருந்து தருவார்கள், பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப்.

நம் பையனுக்கு டாக்டர் நாளுக்கு 15 கிராம், நான்கு நாள் என்று எழுதினார். ஒரே தடவையில் குடிக்க மாட்டான் என்பதால் காலையில் பாதி, சாயங்காலம் பாதி. ஒவ்வொரு பாதியையும் சுமார் 100 மி.லி. தண்ணீரில் கரைத்தார்கள். பொடிக்குப் பெரிய ருசி இல்லை, நன்றாகக் கலக்கிச் சில நிமிடம் வைத்தால் தெளிந்துவிடும். சில கம்பெனிப் பொடியில் உப்பு சேர்ந்திருக்கும். அது கரிக்கும், எலுமிச்சைச் சாற்றில் கலந்தால் சமாளிக்கலாம். ஸ்பூன் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு டப்பாவின் அளவுக்கரண்டியும் இன்னொன்றின் கரண்டியும் ஒரே அளவு இல்லை, சாஷேயும் அப்படித்தான். எத்தனை கிராம் என்று சீட்டில் எழுதச் சொல்லி, டப்பாவில் ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவீர்கள். முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நாள் கசிவு அதிகமாகும். அந்த அம்மா போனில் அழுதார்: "அக்கா, தண்ணியா ஊத்துதுங்க, மருந்தை நிறுத்திடட்டுங்களா?" நிறுத்த வேண்டாம் என்றேன், கட்டி இன்னும் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் வந்தது. "இவ்வளவு பெரிசு இந்தக் குழந்தைக்குள்ள எப்படிங்க இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார். அதற்குப் பிறகும் துணுக்குத் துணுக்காகச் சில தடவை. நான்காம் நாள் சாயங்காலம் கட்டியே இல்லாமல் பழுப்புத் தண்ணீராகப் போனது. வயிற்றில் உருண்டை தட்டுப்படவில்லை. அதுதான் அடைப்பு போனதற்கான அடையாளம். ஆறு நாளாகியும் இப்படி ஆகாவிட்டால் திரும்ப டாக்டரிடம் போக வேண்டும். இடையில் வாந்தி எடுத்தாலோ வயிறு உப்பினாலோ நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும்.

இந்த நான்கு நாளும் வீட்டில் யாராவது கூடவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டயப்பர் மாற்றும்போது தேங்காயெண்ணெய் தடவுங்கள். கீறல் எரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பேசினில் பத்து நிமிடம் உட்காரவைக்கலாம், குழந்தைகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும்.

நீண்ட பகுதி: பயம் மறக்கிற வரை இளக்கியே வைப்பது

நான்கு நாளில் அடைப்பு போய்விட்டது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், ஒரு மாதத்தில் திரும்ப வருகிறார்கள். கீறல் ஆற வாரங்கள் ஆகும். விரிந்த மலக்குடல் சுருங்க மாதங்கள் ஆகும். வலிக்காது என்று குழந்தையின் மனது நம்புவதற்கும் மாதங்கள் ஆகும். அதனால் அடுத்த நாளிலிருந்தே தொடர் அளவு தொடங்க வேண்டும். கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் தொடங்கி, தேவையைப் பார்த்து 0.2 முதல் 0.8 கிராம் வரை மாற்றிக்கொள்வது வழக்கம். பையனுக்கு 6 கிராம், ஒரு சின்ன டம்ளர் தண்ணீரில், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அளவு சரியா என்று மலத்தைப் பார்த்தே சொல்லலாம். கனிந்த பூவன் பழத்தைப் பிசைந்த மாதிரி, தினம் ஒருமுறையோ இருமுறையோ போக வேண்டும். அடக்கும் பழக்கம் இருக்கும் குழந்தைக்கு இதைவிடச் சற்று இளகலாக இருந்தாலும் நல்லதுதான். அடக்க நினைத்தாலும் அடக்க முடியாது. கெட்டியானால் டாக்டர் சொன்ன எல்லைக்குள் ஒரு கிராம் கூட்டுங்கள். தண்ணீராகப் போனால் ஒரு கிராம் குறையுங்கள். மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். இன்று கூட்டி நாளை குறைத்தால் எதன் பலன் எது என்றே தெரியாது. தண்ணீராகப் போகிறதே என்று ஒரேயடியாக நிறுத்துவதுதான் நான் பார்க்கும் முதல் தப்பு.

இரண்டாவது தப்பை அந்த வீட்டிலேயே செய்தார்கள். மூன்றாவது வாரம் பையன் சிரித்துக்கொண்டே போகிறான், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். "எத்தனை நாளைக்குத்தான் மருந்து குடிப்பான்" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், நிறுத்திவிட்டார்கள். பத்தாம் நாள் ஒரு கெட்டி மலம், பழைய கீறல் பிரிந்தது, பையன் கதவுக்குப் பின்னால் போய்விட்டான். நல்லவேளை, நாலு நாளிலேயே வந்தார்கள். பெரிய அடைப்பு இல்லை, 8 கிராமில் திரும்பத் தொடங்கியதும் இளகிவிட்டது. குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும், அதில் கடைசி ஒரு மாதமாவது எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் குறைக்கப் பார்க்கலாம். கழிப்பறைப் பழக்கம் இன்னும் வராத வயது என்றால், அது வந்து நிலைத்த பிறகுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஆறு மாதத்துக்கு மேல் ஓடும். முதல் நாளே இதைத் தெரிந்துகொண்டவர்கள்தான் பாதியில் விடுவதில்லை.

உட்காருவது

இளகிய மலம் வலியில்லாமல் போய், அடக்கி நிற்பது சில வாரமாக நின்ற பிறகுதான் இந்தப் பேச்சு. சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும். காலை இட்லியோ புட்டோ சாப்பிட்டு இருபது நிமிடத்தில் உட்காரவைத்தால் பாதி வேலையை உடம்பே செய்யும். ஐந்து நிமிடம் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். வராவிட்டால் "சரி, எழுந்திரு" என்று விட்டுவிடுங்கள்.

பாதம் எதன்மேலாவது பதிந்திருக்க வேண்டும். வெஸ்டர்ன் கழிப்பறையில் கால் தொங்கினால் குழந்தையால் முக்க முடியாது, விழுந்துவிடாமல் இருக்கவே உடம்பை இறுக்கும். ஒரு ஸ்டூலோ இரண்டு செங்கல்லோ வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். இந்திய முறைக் கழிப்பறையில் குந்துவது முறைப்படி மிகச் சரியான நிலைதான், ஆனால் குழி அகலமாக இருப்பதால் சின்னக் குழந்தை பயப்படும். முற்றத்தில் குழந்தைகளுக்கான தாழ்வான டாய்லெட் சேர் ஒன்று வைப்பதுதான் எளிது. உட்கார்ந்ததும் பலூன் ஊதச் சொல்லுங்கள், அல்லது ஊதுகுழல் கொடுங்கள். ஊதும்போது வயிறு தள்ளும், அடிப்பக்கம் தளரும்.

நம் பையன் முதலில் டயப்பரோடு கதவுக்குப் பின்னால் நின்றான். பிறகு டயப்பரோடு டாய்லெட் சேரில் உட்கார்ந்தான். இரண்டு வாரம் கழித்து டயப்பரின் பிசினை அம்மா தளர்த்திவிட்டார். ஒருநாள் அவனே கழற்றி எறிந்தான். படிப்படியாகப் போனதால் சண்டையே வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், இங்கேயே நின்றும்விடுகிறார்கள். அடக்கும் பழக்கம் வந்துவிட்ட குழந்தைக்குச் சாப்பாடு மட்டும் மருந்தாகாது. தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுத்தாலும் கூடுதல் தண்ணீர் சிறுநீராகத்தான் போகும். வழக்கமான அளவு போதும். ஆனால் சித்திரை வெயிலில் பாலக்காட்டுக் கணவாயின் காற்று உடம்பைக் காய்ச்சிவிடும். அந்த மாதங்களில் குழந்தை கேட்காமலே நீட்டுங்கள்.

முதலில் பாலைக் கணக்குப் பாருங்கள். நம் பையன் பீடிங் பாட்டிலில் நாளுக்கு நான்கு முறை, மொத்தம் ஒரு லிட்டர் பால் குடித்துக்கொண்டிருந்தான். வயிறு அதிலேயே நிறைந்துவிட்டது, சோறும் காயும் இறங்கவே இல்லை. அதை 400 மி.லி. அளவுக்குக் குறைத்து டம்ளருக்கு மாற்றியதும் மூன்றாம் நாள் தானாகப் பசித்தது. மருந்தும் ஒழுங்காகக் கொடுத்து, பாலும் குறைத்து, அப்படியும் இளகாவிட்டால், பசும்பால் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு முதல் நான்கு வாரம் பாலை முழுக்க நிறுத்திப் பார்க்கும்படி டாக்டர் சொல்லலாம். அவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

வாழைப்பழம் நல்லதா கெட்டதா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். காயில் ஒரு பதில், பழத்தில் ஒரு பதில். ஏத்தங்காயையும் அதன் பொடியையும் வயிற்றுப்போக்கு நிற்கத் தருகிறோம். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் அதையே தொடர வேண்டாம். தோல் கருப்புப் புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்த நேந்திரம் பழம் வேறு; அதைத் தரலாம். மாசிக்காய் உரசி ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அது துவர்த்துக் கட்டுகிற சரக்கு. மற்றபடி கொய்யா, பப்பாளி, ராத்திரி ஊறவைத்த உலர் திராட்சை, புட்டோடு கடலைக் கறி, முருங்கைக்கீரை போட்ட பருப்பு: வீட்டில் இருப்பதிலிருந்தே ஆகும். ரஸ்க், பிஸ்கட், மைதாப் பரோட்டா குறைந்தால் இவற்றுக்குத் தானே இடம் வரும்.

நிறுத்தும்போது

ஐந்தாம் மாத முடிவில் பையன் டாய்லெட் சேரில் தினமும் போனான், கசிவு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் 8 கிராமிலிருந்து குறைக்கச் சொன்னார். 6 கிராம் இரண்டு வாரம், 4 கிராம் இரண்டு வாரம், 2 கிராம் இரண்டு வாரம், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவில் 4 கிராமில் ஒருமுறை புழுக்கை விழுந்தது. அம்மா அன்றே 6 கிராமுக்கு ஏற்றி, மூன்று வாரம் கழித்துத் திரும்ப இறக்கினார். மொத்தம் ஏறக்குறைய எட்டு மாதம்.

டப்பாவில் மீதி இருந்தால் எறிந்துவிடாதீர்கள், காலாவதித் தேதியைப் பார்த்து எடுத்துவையுங்கள். காய்ச்சல் வந்து நாலு நாள் சரியாகச் சாப்பிடாதபோது, ஊருக்குப் போய் வேறு கழிப்பறை பார்த்துப் பயந்தபோது, அங்கன்வாடியில் சேர்ந்த முதல் மாதத்தில் இது திரும்பத் தலைகாட்டும். டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், கேட்டவுடன் விட வேண்டும் என்று. ஒரு கெட்டி மலமோ, ஒருமுறை கதவுக்குப் பின்னால் நிற்பதோ தெரிந்தால், அன்று ராத்திரியே கடைசியாக நன்றாக வேலை செய்த அளவில் தொடங்கி, மறுநாள் டாக்டருக்குச் சொல்லுங்கள்.